ஒரு ‘ன்’ வைத்த செலவு

போன வருடம் தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். போன் வந்தது. பின்னால் பந்தி பரிமாறுகிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம். “மேடம், நம்ம புஸ்தகத்துல எங்க அத்தை ஆம்பளையா இருக்காங்க” என்றார் அந்த சார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. “இருபத்தி மூணாம் பக்கத்தை எடுத்துப் பாருங்க, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் 17 வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மனு, கோயில் கும்பாபிஷேக மலர், கருமாதிப் பத்திரிகை, எல்லாமே கையால் எழுதித்தான் வரும். எப்படிக் கிறுக்கிக் கொடுத்தாலும் படித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிற கையெழுத்தை வாங்கிப் பார்த்துக் கடகடவென்று வாசித்துக் காட்டினால் வந்தவர்கள் அசந்து போவார்கள். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது என்பது இப்போது தெரிகிறது.

அந்த சாருடைய அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 81 வயதில் காலமானவர். கடைசி நாலைந்து வருடத்தில் தன் குடும்பக் கதையையும் ஊர்க் கதையையும் கோடு போட்ட மூன்று நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். முதல் வருட நினைவு நாளுக்கு அதைப் புத்தகமாக்கி உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. சார் கோயம்புத்தூரில் இருக்கிறார். ஒரு ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார், மொத்தம் 96 படம். புத்தகப் பக்கத்துக்கு 45 ரூபாய் என்று பேசி, 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறே நாளில் அடித்து முடித்தேன். புத்தகம் 112 பக்கம் வந்தது. பிடிஎஃப் அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு “சூப்பர் மேடம், அச்சுக்குக் கொடுத்துடலாம்” என்றார். 200 பிரதி அடித்தார்கள்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் நான் அடித்திருந்தது இது: “அப்பாவுக்கு நாங்கள் நாலு பேர். மூத்த மகன் தங்கம். பாட்டியோடு காட்டுத் தோட்டத்தில் வளர்ந்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டான். என்னைப் படிக்க வைக்கப் பருத்தி எடுக்கப் போனான்.” தங்கம் என்பவர் அந்தத் தலைமையாசிரியரின் அக்கா. 84 வயதில் அன்றைக்கு அந்த விழா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர். கண் சரியாகத் தெரியாததால் பேரப்பிள்ளை ஒருவனைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். பையன் அச்சில் இருந்ததை அப்படியே வாசித்திருக்கிறான். “யார்ரா அது, மூத்த மகன்? எனக்குத் தெரியாம யாரு?” என்று கேட்டிருக்கிறார். தம்பி தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று ஒரு வருடமாகக் காத்திருந்த மனுஷி.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ‘மக’ வரைக்கும் தெளிவு. அடுத்த எழுத்து நோட்டின் நடு மடிப்புக்குப் பக்கத்தில், நிழலுக்குள் இருந்தது. ‘ன்’ என்றும் படிக்கலாம், ‘ள்’ என்றும் படிக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி சுழித்துக்கொண்டு தொடங்குகிற எழுத்துகள். வித்தியாசமெல்லாம் வலப்பக்க முடிவில்தான் இருக்கிறது, வேகமாக எழுதுகிறவர்கள் முதலில் சிதைப்பதும் அந்த முடிவைத்தான். என்னை உறுத்தியது அதுகூட இல்லை. அந்த இடத்தில் நான் ஒரு விநாடிகூட நின்றதாக நினைவில்லை. சந்தேகம் வந்து, யோசித்து, தப்பாக முடிவெடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. கண் பார்த்தது பாதி எழுத்து, கை அடித்தது முழு எழுத்து.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தமிழுக்கே உரிய வினை. இங்கே ஆணா பெண்ணா என்பதை வினைச்சொல்லின் கடைசி எழுத்துதான் சொல்லும். வளர்ந்தான், வளர்ந்தாள், நின்றான், நின்றாள் எல்லாம் அதே ன், ள். அவன், அவள், மூத்தவன், மூத்தவள் எல்லாமும் அப்படித்தான். ஒருமுறை ‘மகன்’ என்று மனதில் விழுந்துவிட்டதால் அடுத்து வந்த ஒவ்வொரு ‘ள்’ளும் எனக்கு ‘ன்’னாகவே தெரிந்தது. அதில் சில எழுத்துகள் படத்திலேயே தெளிவாக ‘ள்’ என்று இருந்தன, இப்போது பார்த்தால் தெரிகிறது. முதல் தப்புக்கு அடுத்து வந்த பதினேழு வினைச்சொல்லும் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. தங்கம் என்ற பெயராவது காப்பாற்றியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் தங்கம், செல்லம், முத்து எல்லாம் ஆணுக்கும் உண்டு பெண்ணுக்கும் உண்டு.

இன்னொன்றும் சிக்கியது. “காட்டுத் தோட்டம்” என்று நான் அடித்த இடமெல்லாம் அவர் எழுதியது “கரட்டுத் தோட்டம்”. கரடு என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பாறைக் குன்று. கையெழுத்தில் ரகரமும் துணைக்காலும் பலருக்கு ஒன்றேதான், நடுவில் உள்ள இடைவெளி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். கரட்டு என்பதைக் காட்டு என்று படித்தால் சொல் சரியாகவே அமைகிறது. தோட்டம் காட்டில் இருக்கக்கூடாதா என்ன? அந்தக் குடும்பத்துக்கோ அது பத்திரத்திலும் பேச்சிலும் வழங்குகிற நிலத்தின் பெயர். ஒன்பது இடத்தில் மாற்றி வைத்திருந்தேன்.

இதை வைத்து எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் இதுதான். சுத்தமாகப் படிக்க முடியாத எழுத்தால் பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் அதை யாரும் கேட்டுத்தான் அடிப்பார்கள். தப்பாகப் படித்தால் சொல்லே கெட்டுப்போகிற எழுத்தாலும் ஆபத்து இல்லை. ‘சு’வும் ‘க’வும் கையெழுத்தில் இரட்டைப் பிள்ளைகள், ஆனால் சுடலைமுத்து என்ற பெயரைக் கடலைமுத்து என்று யாரும் அடிக்கப் போவதில்லை. ‘ழ’வும் ‘மு’வும் அப்படித்தான், அழகரை யாரும் அமுகர் ஆக்கமாட்டார்கள். எப்படிப் படித்தாலும் ஒழுங்கான ஒரு சொல் வருகிறதே, அங்கேதான் ஆள் மாட்டிக்கொள்கிறார். மகன் மகள், காடு கரடு, கொடி கோடி, நான் நாள். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். தெரியாதவன் எழுத்து எழுத்தாகப் பார்ப்பான், நாம் சொல் சொல்லாக விழுங்குவோம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விழாவில் 45 பிரதி கையில் போய்விட்டது, அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. மீதி 155 பிரதியின் அட்டையைப் பிரித்து, தையலை அறுத்து, தப்பு இருந்த இரண்டு பாரத்தை, அதாவது 32 பக்கத்தை, மறுபடி அடித்து, திரும்பத் தைத்து, புது அட்டை போட்டு ஓரம் வெட்ட 11,400 ரூபாய் ஆனது. அதில் 6,000 நான் கொடுத்தேன். எனக்கு வரவேண்டிய பாக்கி 3,040 ரூபாயை நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. ஆக 9,040 ரூபாய், அதோடு 19 நாள். இரண்டாம் முறை ஓரம் வெட்டியதில் புத்தகம் அரை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. பழைய பிரதியையும் புதிய பிரதியையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

திருத்துவதற்கு முன்னால் மூல நோட்டுகளை எனக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று கேட்டேன். பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். வெளிச்சத்தில் வைத்துப் படத்தோடு ஒப்பிட்டபோதுதான் படம் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்தது. முதலாவது, மடிப்பு. நோட்டை முழுக்க விரிக்காமல் எடுத்தால் மடிப்புப் பக்கத்தில் தாள் வளைந்து எழுத்துகள் ஒடுங்கிவிடும். இடப்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் அங்கேதான் இருக்கும், தமிழில் கடைசி எழுத்து எவ்வளவு முக்கியம் என்று மேலேயே பார்த்தோம். இரண்டாவது, பின்பக்கத்து மை. தாள் மெலிதாக இருந்தால் பின்னால் எழுதியதன் சாயல் இந்தப் பக்கம் ஊறி, இல்லாத இடத்தில் புள்ளி வைத்துவிடும். மூன்றாவது இதற்கு நேர் எதிர். படத்தை வெள்ளை வெளேரென்று ஆக்குகிற ஸ்கேன் ஆப்கள் தாளின் அழுக்கைத் துடைக்கிறேன் என்று பேனா லேசாகத் தொட்ட புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிடும். அவர் அனுப்பிய படங்களில் கடைசி இருபது அப்படி ‘சுத்தம்’ செய்தவை. பார்க்க அழகு, படிக்க ஆபத்து. அதில் ‘என்’ எது ‘என’ எது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அதனால் இப்போது வேலை எடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். பகலில், ஜன்னல் பக்கத்தில், பிளாஷ் இல்லாமல், நோட்டை நன்றாக விரித்து, ஒரு படத்துக்கு ஒரு பக்கம் மட்டும் எடுங்கள். பின்பக்க மை தெரிந்தால் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள், சாயல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்கேன் ஆப் வேண்டாம், படத்தை அப்படியே விடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், சின்னச் சுழிகளும் புள்ளிகளும்தான் முதலில் மழுங்கும். இவ்வளவும் சொன்னால் பாதிப் பேர் செய்வார்கள். செய்யாதவர்களிடம் அந்தந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி கேட்பேன்.

சரி, படம் நன்றாகவே இருந்தாலும் ன், ள் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது? அந்த 19 நாளில் ஒரு வேலை கற்றுக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் கையெழுத்தில் ஒரு பழக்கம் இருக்கும், அதை அவர் எழுத்திலிருந்தே எடுக்க வேண்டும். சந்தேகமில்லாத சொற்களில் வருகிற எழுத்துகளைப் படத்திலிருந்து வெட்டி ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டி வைப்பது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நானும் முதலில் விழுந்தேன். ‘ன்’னுக்கு மாதிரியாக நான், தான், என் என்ற சொற்களை வெட்டி ஒட்டினேன், அவைதானே அதிகம் வருகின்றன. ஆனால் அவை நாள், தாள், எள் என்றும் இருக்கலாமே? மாதிரியே சந்தேகமானால் எதை எதோடு ஒப்பிடுவது? மாற்றிப் போட்டால் சொல்லே ஆகாத சொல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும். சொல்லின் நடுவில் எழுதுகிற மாதிரி கடைசியில் எழுதமாட்டார்கள் என்பதால் கடைசியில் வருவதையே எடுப்பது இன்னும் நல்லது. ‘ள்’ளுக்கு அவர்கள், மக்கள், நாட்கள். ‘ன்’னுக்கு முருகன், உடன். இப்படி 11 ‘ள்’, 14 ‘ன்’ ஒட்டினேன்.

ஒட்டிப் பார்த்ததும் அரை மணி நேரத்தில் விஷயம் துலங்கிவிட்டது. தலைமையாசிரியர் ஐயா கடைசி ‘ள்’ எழுதும்போது வலக்காலை நோட்டின் நீலக் கோட்டைத் தாண்டிக் கீழே இழுக்கிறார். ‘ன்’னைக் கோட்டுக்கு மேலேயே முடித்துவிடுகிறார். மூல நோட்டில் தங்கம் என்ற பெயருக்கு முன்னால் இருந்த எழுத்துக்குக் கால் கோட்டுக்குக் கீழே தெளிவாக இறங்கியிருந்தது. படத்தில் அந்தக் காலும் மடிப்பு நிழலும் நீலக் கோடும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அடுத்த பதினேழு வினைச்சொற்களில் பதின்மூன்று சந்தேகமில்லாமல் ‘ள்’. நாலு, மாதிரியை வைத்தும் சொல்ல முடியவில்லை. அந்த நாலும் அதே வாக்கியங்களில் அதே ஆளைப் பற்றியவை என்பதால் பதின்மூன்றைக் கொண்டு நாலை முடிவு செய்தேன். இதுவும் ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகம்தான், ஆனால் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகிற ஊகம். முதல் தடவை நான் தெரியாததிலிருந்து தெரிந்ததற்குப் போனேன்.

மாதிரி ஒட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர் பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் கலந்தே எழுதியிருந்தார். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் படித்தவர், லை, னை எல்லாம் துதிக்கை மாதிரி வளைத்து எழுதிப் பழகியவர். வாத்தியார் என்பதால் புதிய வடிவத்துக்கு மாறினார், ஆனால் உணர்ச்சி வேகத்தில் எழுதிய பக்கங்களில் பழையதுதான் வருகிறது. எனக்கு அது பழக்கம். என் கடையில் இருக்கிற பெண்ணுக்கு 22 வயது, பழைய ‘னா’வைக் காட்டினால் இது என்ன எழுத்து என்று கேட்கிறாள். இப்போது அவளையும் ஒரு தடவை படிக்கச் சொல்கிறேன். அவளுக்குக் கதை தெரியாது, பழைய எழுத்தும் தெரியாது, அதனால் அவள் நின்று கேட்கிற இடமெல்லாம் நான் தாண்டி ஓடிய இடமாக இருக்கிறது.

சந்தேகத்தைக் குறித்து வைக்கிற முறையை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊரில் ஓய்வுக்கு வந்திருக்கிற ஒரு தமிழ்ப் பேராசிரியர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் இருக்காது, ரகரமும் காலும் ஒன்றாகவே இருக்கும், சுவடி பார்த்துப் பதிப்பித்தவர்கள் எல்லாம் பட்ட பாடுதான் அம்மா இது என்றார். கல்வெட்டுப் படியெடுப்பவர்கள் தெளிவில்லாத எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள் என்றும் சொன்னார். அதையே எடுத்துக்கொண்டேன். இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் இரண்டையும் போட்டு நடுவில் சாய்கோடு: மக[ன்/ள்], [கொ/கோ]டி. ஒரு விதமாகத்தான் தோன்றுகிறது ஆனால் உறுதியில்லை என்றால் கேள்விக்குறி: [கரட்டு?]. எழுத்தே இல்லை, பூச்சி தின்றுவிட்டது, மை படிந்துவிட்டது என்றால் எழுத்துக்கு ஒரு புள்ளி. எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் மூன்று புள்ளி. பக்கத்தில் நோட்டு எண், பக்கம், வரி: 2-31-7. அடிக்கும்போது நின்று யோசிப்பதில்லை, அடைப்பைப் போட்டுவிட்டு மேலே போகிறேன். பக்க அமைப்புக்குப் போகும் முன் கோப்பில் [ என்ற குறியைத் தேடுகிறேன். ஒன்று இருந்தால்கூட அது இன்னும் முடியாத கோப்பு.

இதிலும் ஒரு கோளாறு செய்தேன். பயத்தில் எல்லாவற்றுக்கும் அடைப்புப் போட்டுவிட்டேன். மூன்று நோட்டையும் மறுபடி பார்த்ததில் 212 அடைப்பு. பட்டியலைப் பார்த்த சார், “என்ன மேடம், உங்களுக்குத் தமிழே தெரியாதோன்னு சந்தேகமா இருக்கு” என்றார். நியாயம்தான். புள்ளி விட்டுப்போன ஒவ்வொரு ‘ம்’முக்கும் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? அப்புறம் உட்கார்ந்து வடிகட்டினேன். எழுத்து மங்கலாக இருந்தாலும் சொல் ஒன்றுதான் ஆக முடியும் என்றால் அடித்துவிடலாம், கேட்க வேண்டியதில்லை. இரண்டு சொல் ஆக முடியும் என்றால் கேட்க வேண்டும். ஆள் பெயர், ஊர்ப் பெயர், நிலத்தின் பெயர், உறவுமுறை, தேதி, தொகை இவை மட்டும் எனக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் ஒருமுறை கேட்டே தீரவேண்டும். பெயருக்கு அகராதி கிடையாது. எண்ணுக்கு வாக்கியம் உதவாது, 1951 என்றாலும் 1957 என்றாலும் வாக்கியம் நிமிர்ந்துதான் நிற்கும். இப்படி வடிகட்டியதில் 212 என்பது 38 ஆனது.

கேட்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. முதல் நாள் போனில், “சார், 14-ஆம் பக்கத்துல வேலைக்குச் சேர்ந்தது 1961 தானே?” என்றேன். “ஆமா மேடம்” என்றார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, “சர்வீஸ் புக்ல 1967 போட்டிருக்கு” என்றார். தானே என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இப்போது அந்த வரியை மட்டும் வெட்டி, முன்னும் பின்னும் ஒவ்வொரு வரியோடு, படமாக அனுப்பி, “வட்டம் போட்ட இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?” என்று மட்டும் கேட்கிறேன். நான் படித்தது என்ன என்று சொல்வதே இல்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, எண் போட்டு, ஒரே தடவையில் அனுப்புகிறேன். கூடவே ‘தெரியவில்லை’ என்று பதில் சொன்னாலும் சரிதான் என்று எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர்களும் ஏதோ ஒன்றை ஊகித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

பிடிஎஃப்பைப் பார்த்தவருக்கு ஏன் மகன் மகள் தெரியவில்லை என்று எனக்கு ஆரம்பத்தில் அவர் மேல் கோபம்தான். பிறகு புரிந்தது. அவருக்கு அத்தையைத் தெரியும், கதை தெரியும். அச்சில் மகன் என்று இருந்தாலும் அவர் கண்ணுக்கு மகள் என்றுதான் தெரிந்திருக்கும். கதை தெரிந்தவர் சரி பார்க்கிறார் என்று நான் நிம்மதியாக இருந்தது தப்பு. மறுமுறை, அவர் மனைவியை நோட்டைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, இவரை அச்சைப் பார்க்கச் சொன்னேன். அதில் மேலும் ஆறு கிடைத்தன. அதில் இரண்டு என் கண்ணின் தப்பு இல்லை, என் புத்தியின் தப்பு. அவர் ‘கம்மாய்’ என்று எழுதியிருந்ததை நான் ‘கண்மாய்’ என்றும், ‘வெள்ளாமை’ என்பதை ‘விவசாயம்’ என்றும் ‘திருத்தி’ வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. எழுத்து அங்கே தெளிவாகத்தான் இருந்தது.

38-இல் 37 தீர்ந்தன. தீராத ஒன்று இரண்டாம் நோட்டில் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்ட யாரோ ஒருவர் 30 ரூபாய் கொடுத்து உதவியிருக்கிறார். பெயர் ‘சுப்’ வரை இருக்கிறது, மீதியைப் பூச்சி தின்றுவிட்டது. ஓட்டையின் அகலத்துக்குச் சுப்பையாவும் அடங்கும், சுப்பம்மாவும் அடங்கும். வினைச்சொல்லாவது சொல்லும் என்று பார்த்தால், “கொடுத்தார்கள்” என்று மரியாதையாக எழுதி வைத்திருக்கிறார். தங்கம் அத்தையிடம் நானே போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “சுப்பையாவும் குடுத்திருப்பான், சுப்பம்மாளும் குடுத்திருப்பா. ரெண்டு பேருமே நல்லவுகதான் தாயீ. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்” என்றார். சாருக்கு அடைப்போடு அச்சிடுவது பிடிக்கவில்லை, புத்தகத்தில் ஓட்டை மாதிரி இருக்கும் என்றார். அத்தை சொன்னதைச் சொன்னதும் விட்டுவிட்டார். ‘சுப்[...]’ என்றுதான் அச்சில் இருக்கிறது. புத்தகம் போய் இரண்டு மாதத்தில், அது எங்கள் தாத்தாதான் என்று ஒருவரும், எங்கள் அப்பத்தாதான் என்று இன்னொருவரும் சாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆதாரம் கேட்டதற்கு இருவரிடமும் இல்லையாம். கோப்பு என்னிடம்தான் இருக்கிறது, அந்த ஒரு அடைப்போடு.